கிண்ணத்தில் கிடந்த மாத்திரை

பூண்டு என்ற பேச்சை எடுத்தாலே கிரேன் ஓட்டுநருக்குக் குடலைப் புரட்டியது. எல்லாம் மச்சினன் கைங்கரியம். ரத்த அழுத்தம் குறையப் பச்சைப் பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடணும், அப்பத்தான் அதில் மருந்தே உருவாகும், உடனே சூடு காட்டினால் போச்சு என்றான். அதுவரை சரிதான். ஆனால் ஆறு பல், அதுவும் வெறும் வயிற்றில் என்பது அவனாகச் சேர்த்த சொந்தச் சரக்கு.

வருடாந்திர உடல் பரிசோதனை நெருங்கியதால் இவர் தலையாட்டிவிட்டார். ரத்த அழுத்தம் எல்லை தாண்டினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். மேலே உட்கார்ந்து கட்டடங்களையே காலுக்குக் கீழே பார்த்தவருக்குக் கீழே நின்று கட்டடக் கம்பிக்கட்டுகளை எண்ணுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

காலையில் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டு, கையோடு அந்தக் கொழகொழப்பை விழுங்குவார். நெஞ்சு எரியும், வாயில் உப்புநீர் ஊறும். கொஞ்ச நேரத்தில் புழக்கடையில் குனிந்து வாந்தியெடுப்பார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். கிரேன் கூண்டுக்குள் தன் மூச்சே தன் மேல் திரும்பி அடித்தது. சீச்சீ, என்ன பிழைப்பு!

பரிசோதனை நாளில் ஒருபடி மேலே போனார். மருத்துவமனை வராந்தாவிலேயே மாத்திரையையும், டப்பாவில் கொண்டுவந்த பூண்டையும் விழுங்கிவிட்டு உள்ளே போனார். அழுத்தம் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன மாதத்தைவிட அழுத்தம் எகிறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாண்ணே?"

"ஒருநாளும் விட்டதில்லம்மா."

சொல்லி முடிக்குமுன் வயிறு மேலே வந்தது. நர்ஸ் நீட்டிய கிண்ணத்தில் அத்தனையும் விழுந்தது. இந்த முறை கண்ணை மூட முடியவில்லை. நாறும் சளிக்கும் பூண்டுத் திப்பிக்கும் நடுவே, ஓரம் மட்டும் கரைந்த வெள்ளை மாத்திரை கிடந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்றாள் நர்ஸ்.

அவர் பூண்டு டப்பாவைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை, அதுவே கேவலமாக இருந்தது. பூண்டு அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், மாத்திரைக்கு ஈடாகாது, வெறும் வயிற்றில் பச்சையாகத் தின்றால் பலருக்கும் இப்படித்தான் என்றார். மாதக்கணக்கில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய பூண்டில் செய்த மாத்திரை வயிற்றை அவ்வளவு படுத்தாது, அதையும் கேட்டுவிட்டுத்தான் போடணும் என்றார். மாத்திரை வயிற்றில் தங்கி, அழுத்தம் இறங்கும்வரை கிரேன் ஏறக் கூடாது.

அன்று வேறொருவன் ஏணியில் ஏறினான். இவர் கீழே நின்று கம்பிக்கட்டுகளை எண்ணினார்.

சாயங்காலம் மச்சினன் ஒரு பை நிறையப் பூண்டோடு வாசலில் நின்றான்.

"குறைஞ்சுதா மாமா?"

"குறைஞ்சுதுடா," என்றார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டு. "மேலேர்ந்து தரைக்கே வந்துட்டேன்."