கூடைக்காரியின் ஐந்து கேள்வி

வைகாசி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. சாரல் இறங்கவில்லை. பேரருவி பாறையில் ஒட்டிய வெள்ளை நூல் மாதிரி கிடந்தது. மேலகரத்திலிருந்து கூடையோடு நடந்து வந்த மூக்கம்மாள், அருவிப் பாதை திரும்பும் நாவல் மரத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பதினோரு வருஷமாக அவள் உட்கார்ந்து பழம் விற்கும் இடத்தில் யாரோ சுண்ணாம்பால் சதுரம் போட்டு, நடுவில் ஏழு என்று எழுதியிருந்தார்கள்.

பாதை நெடுக அப்படிச் சதுரங்கள். கடைசிச் சதுரத்தின் பக்கத்தில் ஒருவன், சலவைச் சட்டையும் தோல் பையுமாக, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிக் கூடைக்காரிகள்.

"எக்கா, வா வா!" என்று பேராச்சி ஓடி வந்தாள். கொய்யாப்பழக்காரி, மூக்கம்மாளுக்கு இளையவள். "இந்த வருசம் நமக்கெல்லாம் நம்பர் போட்டு இடம் தாராங்களாம். முப்பது ரூவா கட்டுனா சீசன் முழுக்க ஒரு பய நம்மள எழுப்ப முடியாது. நான் கம்மலை அடகு வச்சுக் கட்டிட்டேன். பாரு, சீட்டு!"

"கட்டாதவங்களுக்கு?"

"இடம் கிடையாதாம். செங்கோட்டையிலேருந்து வேற ஆளு வருதாம்."

மூக்கம்மாள் ஏழாம் சதுரத்தைத் திரும்பிப் பார்த்தாள். சீசனில் மூன்று மாதம் அந்த மரத்தடியில் சம்பாதிப்பதுதான் மீதி ஒன்பது மாதத்துக்கும் அடுப்பில் எரிவது. புருஷன் பலவேசத்துக்கு வரப்பில் விழுந்து இடுப்பு போனதிலிருந்து வயல் வேலை இல்லை. இடம் போனால் எல்லாம் போயிற்று.

பலவேசம் ஏற்கெனவே அங்கே இருந்தான். ஆடு விற்ற ரூபாய் மடியில் முடிந்திருந்தது.

"கட்டிருவோம், ஏட்டி. ஏழாம் நம்பர் நமக்குன்னு அண்ணாச்சி எழுதியே வச்சிருக்காரு."

"நம்ம பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

"பேராச்சி சொன்னா."

மூக்கம்மாள் கூடையை இறக்கினாள். தெரியாத ஆள் பழம் கொண்டுவந்தால் அவள் ஐந்து கேள்வி கேட்காமல் வாங்குவதில்லை. யார் தோட்டம்? அடுத்தவளை விட்டுவிட்டு எனக்கு ஏன் தாரே? எல்லாம் சேர்த்து எவ்வளவு? ஒன்றை வெட்டிக் காட்டு. கெட்டுப்போனால் உன்னை எங்கே வந்து பிடிக்க? மங்குஸ்தான் பழத்தின் மேல்தோலைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. கேட்டதற்கு முகம் கோணுகிற ஆளிடம் அவள் கூடையைத் தொடவே மாட்டாள். பழத்துக்கே இத்தனை கேள்வி என்றால் இடத்துக்கு?

"ஐயா, நீங்க யாரு?"

"காந்திமதிநாதன். திருநெல்வேலி. பஞ்சாயத்து ஆபீஸ் ஏஜெண்டு."

"ஆபீஸ்ல யாரு உங்களை ஏஜெண்டா வச்சது?"

"பெரிய ஆபீசர். பேரைச் சொன்னா உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்."

கூடைக்காரிகளில் ஒருத்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"சரி. கடைக்காரங்க, லாட்ஜுக்காரங்க எல்லாம் இருக்கையிலே எங்களுக்கு எதுக்கு இந்த உபகாரம்?"

"ஏழைங்க மேல ஒரு இரக்கம், தாயி. ஆனா இன்னிக்கு நாலு மணிக்குள்ள கட்டணும்."

"உங்க இரக்கத்துக்கு நாலு மணியோட ஆயுசு முடிஞ்சிருமா?"

"ஏட்டி!" என்று பலவேசம் அதட்டினான்.

"நீரு சும்மா இரும். ஐயா, முப்பதோட முடிஞ்சுதா?"

"இப்போ முப்பது. அப்புறம் சீசன்ல கொஞ்சம் செலவு இருக்கும்."

"கொஞ்சம்னா?"

"அதை அப்ப பார்த்துக்கலாம்."

அவள் பேராச்சியின் கையிலிருந்த சீட்டை வாங்கினாள். எழுத்து அவளுக்கு வராது. எண் நன்றாக வரும். நாள்தோறும் தரை வாடகைக்கு ஆபீஸ் ஆள் கிழித்துத் தருகிற சீட்டில் ஒரு எண் அச்சடித்திருக்கும். அதே எண் அவர் புத்தகத்தில் நிற்கிற பாதியிலும் இருக்கும். இதில் வட்டமாக ஒரு ஊதா முத்திரை இருந்தது. எண் எங்கேயும் இல்லை.

"இதுக்கு மறுபாதி எங்கன இருக்கு?"

"எதுக்கு மறுபாதி? முத்திரை இருக்குல்ல?"

"முத்திரை தென்காசி பஜார்லயும் செஞ்சு தாரான். இடம் கிடைக்கலைன்னா உங்களை எங்கன வந்து கேக்கணும்?"

"லாட்ஜ்ல."

"எந்த லாட்ஜ்?"

அவன் அருவிப் பக்கம் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தினான். "இவ்வளவு கேக்குதவளுக்கு இடம் கிடையாது. ஏழாம் நம்பரை வேற ஆளுக்குத் தாரேன். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், ஆபீசுக்குப் போய் யாராவது வாயைத் திறந்தா எல்லார் பேரும் லிஸ்ட்லேருந்து அடிபட்டுப்போகும்!"

பெண்கள் மூக்கம்மாளை முறைத்தார்கள். பலவேசம் அவள் காதருகில் வந்தான். "உன் வாயால நம்ம இடம் போகப் போவுது. அவன் சொல்லுதது நெசமா இருந்தா?"

அதுதான் அவளையும் அறுத்தது. நிஜமாக இருந்தால்? அந்த ஒரு வார்த்தைக்காகவே முப்பது ரூபாயை எடுத்து நீட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நிஜமான சமாச்சாரத்தை ஆபீசில் கேட்டால் ஏன் அடிபட வேண்டும்?

"நெசமா இருந்தா ஆபீஸ்லயே கட்டிட்டு வாரேன். மடியை அவுக்காதேயும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். பதினோரு வருஷத்தில் அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. கூடைக்காரிகள் யாருமே வைத்ததில்லை. உள்ளே போனால் விரட்டுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்; யாரும் போய்ப் பார்த்ததில்லை. சலவைச் சட்டைக்காரன் இதைத் தெரிந்துதான் வந்திருக்கிறான் என்று இரண்டாவது படியில் அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது படியை வேகமாக ஏறினாள்.

குமாஸ்தா நெல்லையப்பன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா?"

கேட்டாள். அவர் காதில் சரியாக விழவில்லை. மறுபடி கேட்டாள்.

"நம்பரா? யார் சொன்னது? கட்டடக் கடைகளுக்குத்தான் ஏலம். அதுக்கு இங்கன போர்டுல நோட்டீஸ் ஒட்டுவோம், தமுக்கு அடிப்போம். ரூவாயை இந்த மேசையிலதான் வாங்குவோம், ரசீது நம்பர் போட்டுத் தருவோம். தரையில உக்காருதவங்களுக்கு எப்பவும் போல அன்னன்னிக்குச் சீட்டுத்தான். ஏஜெண்டுன்னு ஒருத்தனும் கிடையாது."

"ஐயா, இதை அங்கன வந்து சொல்லுவீங்களா?"

"எனக்கு வேலை கிடக்கு."

"ஒருத்தி கம்மலை வச்சுக் கட்டியிருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாளுவ. நீங்க வார வரைக்கும் இங்கனயே நிக்குதேன்."

நின்றாள். நெல்லையப்பன் ஒரு பக்கம் எழுதினார், நிமிர்ந்தார், அவள் நின்றுகொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அவர்கள் வரும்போது நாவல் மரத்தடியில் இன்னும் இரண்டு பேர் கட்டுவதற்கு ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவைக் கண்டதும் சலவைச் சட்டைக்காரன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நகர்ந்தான். மூக்கம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"எங்க போறீங்க? இவர் ஆபீஸ்காரரு. நீங்களும் ஆபீஸ்காரரு. ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க."

நெல்லையப்பன் சீட்டைப் பார்த்தார். "இது எங்க முத்திரையே இல்லை" என்றார்.

அவ்வளவுதான். பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். அதுவரை கட்டியிருந்தவள் பேராச்சி ஒருத்திதான்; அவன் பையைத் திறந்து அவளுடைய முப்பது ரூபாயை அவள் கையில் திணித்தான். "விடுங்கம்மா, ஏதோ தப்பு நடந்துபோச்சு. பஸ் வந்துட்டு."

பேராச்சி ரூபாயை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "போதும் எக்கா. ரூவா வந்துட்டு. அவன் தொலையட்டும்."

தென்காசி பஸ் வந்து நின்றது. அவன் படியில் ஒரு காலை வைத்தான். மூக்கம்மாள் தோல் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவன் இந்த பஸ்ஸுல ஏறி எங்க போவான் பேராச்சி? தென்காசியில எறங்கி வாசுதேவநல்லூர் சந்தைக்குப் போவான். அங்கயும் கம்மல் போட்டவ இருப்பா. நீரு நிக்காதேயும்! போயி போலீஸ்காரரைக் கூட்டிட்டு வாரும்."

பலவேசம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவளுடன் வாழ்ந்த பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் ஓடினான். பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்தது. வாரை அவள் விடவில்லை.