நாலாம் வகுப்பு அலமாரி

அனகாபுத்தூர் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் யூனிஸுக்கு வகுப்பு அலமாரிக்குப் புத்தகம் வாங்க அனுமதி கிடைத்ததும், கடைக்காரர் துரையிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரு வாரம் பிள்ளைங்க கையில கொடுத்துப் பார்ப்பேன். வேணாங்கிறதைத் திருப்பி எடுத்துக்கணும்."

தலைமையாசிரியர் எட்மண்டுக்கு அது பிடிக்கவில்லை. "நாலாங்கிளாஸ்னா நாலாங்கிளாஸ் புக்தானே டீச்சர்? அந்த நீதிக்கதை செட்டை எடுத்தா ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"என் கிளாஸ்ல வினோத்குமார் பேப்பரையே படிக்கிறான் சார். அஞ்சலி இன்னும் எழுத்துக் கூட்டுது. ரெண்டு பேருக்கும் ஒரே புக்கு எப்படிப் பத்தும்?"

துரையின் பெட்டி வந்தது; நீதிக்கதை செட்டும் அதில் இருந்தது. தரையில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பினாள். பக்கத்துக்கு ஒரு வரி உள்ளவை, சின்னக் கதைகள், எழுத்து நெருங்கிய தடிப் புத்தகங்கள் எல்லாம் கலந்து கிடந்தன. பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கினாள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கடினம்.

அஞ்சலிக்கென்று கோழிக்குஞ்சுப் புத்தகம் ஒன்றை யூனிஸ் எடுத்து வைத்திருந்தாள். வகுப்பிலேயே உயரமான பெண் அஞ்சலி. அட்டையைப் பார்த்தாள், தள்ளிவிட்டாள்.

"இது பாப்பா புக்கு மிஸ். எல்லாரும் சிரிப்பாங்க."

யூனிஸுக்குச் சுருக்கென்றது. எழுத்தைப் பார்த்தாளே தவிர வயதைப் பார்க்கவில்லை. "சரி, உனக்குப் பிடிச்சதை நீயே எடு."

அஞ்சலி தடிப் புத்தகம் ஒன்றை இழுத்தாள். கடல் மீன்களைப் பற்றியது. படத்தின் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. அதற்கடியில் பொடி எழுத்தில் நீண்ட விளக்கம். யூனிஸ் விரல்களை நீட்டிக் காத்திருந்தாள். அஞ்சலியின் அம்மா பல்லாவரத்தில் மீன் விற்பவள்.

"வஞ்... வஞ்சிரம். சங்கரா." அஞ்சலி அடுத்த படத்தின் வரிக்குப் போனாள். "செவுள் சிவப்பாக இருந்தால் மீன் புதியது. ஆமா மிஸ், எங்கம்மாவும் செவுளைத் தூக்கித்தான் காட்டும்!"

ஒரு விரல்தான் மடங்கியது.

பின்னாலிருந்து வினோத்குமார் எட்டிப் பார்த்தான். "கீழ இன்னா போட்டுகீது?"

"நீ படி, கேக்கலாம்" என்று அஞ்சலி புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பொடி எழுத்தைக் கடகடவென்று வாசிக்க, அவள் படத்தில் விரல் வைத்துக் கேட்டாள். வாசலில் நின்றிருந்த எட்மண்ட் உள்ளே வந்து பாயோரம் உட்கார்ந்துகொண்டார். நீதிக்கதை செட் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வாரக் கடைசியில் துரை வந்தபோது யூனிஸ் தயாராக இருந்தாள். "செட்டு வேணாங்க. ஒரு வரியில பெரிய பிள்ளைங்க விஷயம் சொல்ற புக்கு வேணும். லாரி, பாம்பு, கிரிக்கெட், எதுவானாலும் சரி. வினோத்குமாருக்கு இன்னும் நாலு தடிப் புக்கு."

துரை எட்மண்டைப் பார்த்தார்.

"டீச்சர் சொல்றதைக் கொடுங்க" என்றார் அவர். "அடுத்தது அஞ்சாங்கிளாஸுக்கு. அதுக்கும் அவங்கதான் எடுப்பாங்க."