வீரம்மா வெற்றிலை மெல்லும் நேரம்

கத்தாரிலிருந்து வந்த பதில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான். சுலக்ஷனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கணவன் ஜெயகாந்தன் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டு ஒன்றரை வருடமாகிறது. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கைப்பேசியில் வீடியோவை வெட்டி ஒட்டியிருந்தாள்.

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் எடுத்தது. மாமனார் இராமையா, "நாப்பது வருசம் மழையில தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டிருக்கேன். ஒரு அட்ட என்னைய தொட்டதில்ல" என்று அளந்துகொண்டிருக்கிறார். அவர் கழுத்திலேயே ஓர் அட்டை சாவகாசமாக ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது.

மாமியார் வீரம்மா வாங்கிப் பார்த்தாள். "அன்னைக்கி உருண்டு உருண்டு சிரிச்சோம். இதுல ஒன்னும் வரலியே, புள்ள."

மறுபடி ஓட்டியபோதுதான் சுலக்ஷனாவுக்கு உறைத்தது. அட்டையை முதலிலேயே பெரிதாகக் காட்டிவிட்டாள். பேச்சு முடிந்த கணமே மகள் பிரேமினி விழுந்து சிரிக்கும் முகம், அதற்குமேல் ஒட்டவைத்த சிரிப்புச் சத்தம். யாரும் பேசாத இடங்களையெல்லாம் வீண் என்று கத்தரித்திருந்தாள். பார்ப்பவன் எங்கே சிரிப்பான்?

எடுத்த படம் முழுதாக இருந்தது. புதிதாக வெட்டினாள். இராமையா பேசும்போதே படம் வீரம்மாவின் முகத்துக்குத் தாவியது; குரல் மட்டும் தொடர்ந்தது. வீரம்மா சிரிக்காமல், வெற்றிலை மென்றபடி, அவர் கழுத்தையே பார்க்கிறாள். பேச்சு நின்ற பிறகும் மெல்லுகிறாள். ஒரு விநாடி விட்டால் பற்றவில்லை, மூன்று விட்டால் சோர்ந்தது. இரண்டு சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அட்டை. கடைசியில் வீரம்மாவின் குரல்: "அது சாப்பிட்டு முடிக்கட்டும்னுதாங்க பாத்தேன்."

வெள்ளிக்கிழமை ஜெயகாந்தனுக்கு லீவு. அறைத் தோழனின் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, தன்னுடையதில் அவளோடு பேசியபடி பார்த்தான். தகப்பனின் பெருமை ஓய்ந்தது. வீரம்மா மென்றாள்.

"அட்டைக்கும் ஒரு தராதரம் இருக்குல்லப்பா" என்றான் ஜெயகாந்தன்.

அடுத்த நொடி அட்டை வந்தது. அவன் சிரித்த சிரிப்பில் கைப்பேசியே கீழே விழுந்தது.

சுலக்ஷனாவால் சிரிக்க முடியவில்லை. இராமையா பீற்றினால் இவன் வாரிவிடுவான். வீட்டு வழக்கம் அது. அன்றைக்கு வாசலில் சிரிப்பு வெடிக்கும் முன் எல்லாரும் ஒருசேர வாயடைத்து நின்றது, இங்கே இல்லாத இவன் குரலுக்காகத்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

அவன் மூன்று தடவை பார்த்தான். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை.

"சுலா, அம்மா மெல்லுற எடத்த இன்னுங் கொஞ்சம் நீட்டி விடேன்."

"நீட்டுனா சிரிப்பு செத்துருங்க."

"பரவால்ல. அந்த எடத்துல நான் கொஞ்ச நேரம் இருந்துக்கிறேன்."

முழுப் படத்தில் வீரம்மா பதினொரு விநாடி மென்றிருந்தாள். சுலக்ஷனா ஒன்றைக்கூட வெட்டாமல் அனுப்பினாள்.