லாரி என்ற சொல்லுக்குப் பின்

போர்க்காலத்தில், ஊரை ஆண்ட ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேச, 1990இல் ஜார்ஜ்டவுன் வாசகசாலையில் ஆறு முதியவர்களைக் கூட்டியிருந்தாள் ஞானாம்பிகை. பல்கலைக்கழக ஆய்வுமுறைப் பாடத்துக்கான குழு உரையாடல் அது. பெயர் சொல்ல வேண்டாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா கதிர்காமநாதன் பேசப் பேச மற்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். காட்டிக்கொடுத்தவர் இவர்தானோ என்ற சந்தேகம் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒலிநாடாவைக் கேட்டு எழுதும்போதும் அந்த மௌனங்களையே சிவப்பு மையால் குறித்தாள்.

குறிப்பெடுத்த தோழி ஜெயலெட்சுமி தன் தாளை நீட்டினாள். "அவர் பேசினப்போ அவரை யாரும் பார்க்கல லா. எல்லாரும் அந்த ஆறு பேர்ல ஒருத்தங்களான நல்லம்மாள் அம்மாவத்தான் பார்த்தாங்க. அவங்க புருஷன ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போனானாம்."

ஞானாம்பிகை நாடாவை மறுபடி ஓடவிட்டாள். அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றதைப் பற்றிக் கதிர்காமநாதன் பேசியபோது எல்லோரும் கலகலப்பாகவே குறுக்கிட்டிருந்தார்கள். ஆட்களை ஏற்றிப்போன லாரி என்றபோது மட்டுமே அடங்கினார்கள். வெட்கத்தோடு, அவர்மேல் தான் கொண்ட தவறான சந்தேகத்தையும் அறிக்கையில் எழுதினாள்.

மறுநாள் நல்லம்மாளிடம் போய், "லாரியப் பத்தி அவர் பேசின பகுதிய எடுத்துடவாம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. மத்தவங்க எனக்காக வாய மூடிக்கிறாங்க. அந்த அண்ணே ஒருத்தர்தான் என் புருஷனப் பத்திப் பேசுறாரு."