ஓசூருக்கு இரண்டு கடிதம்

சிவகாசியிலிருந்து தாயில்பட்டிக்குப் போகிற சாலையில் இருந்த அந்த லேபிள் அச்சகத்தில், தீபாவளி சீசன் முடிந்த கையோடு ஆளுக்கொரு கடிதம் வந்தது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லட்சக்கணக்கில் படம் அடித்துக் கொடுத்த கம்பெனிக்கு இந்த ஊர் போதவில்லையாம். ஓசூருக்குப் போகிறதாம்.

ஆபீசர் நேசகுமார் கேண்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து நிதானமாக வாசித்தார். ஓசூருக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் குறையாது, பழைய சர்வீஸ் அறுபடாமல் தொடரும், குடும்பத்தோடு போகிற செலவும் சாமான் ஏற்றும் லாரி வாடகையும் கம்பெனியுடையது. வர முடியாதவர்களுக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு. கிராஜுவிட்டி, மிச்சமிருக்கும் லீவுச் சம்பளம், போனஸ் தனி. பி.எஃப். பணத்தை அந்த ஆபீசில் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும்.

பொன்மணி கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் எதிர் பெஞ்சில் இருந்த சங்கையாவிடம் போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் அப்படி என்னதான் இருந்ததோ.

கட்டிங் மிஷினில் பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒரே ஜோடி. அவர் தாளை அடுக்கி அளவு வைப்பார். அவள் ஓரம் தட்டிச் சரிசெய்து கையை எடுத்துக்கொண்டு “ம்” என்பாள். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்கும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. முதல் வாரத்தில் அவளுடைய விரல் மயிரிழையில் தப்பியபோது, அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள், “நீ சொல்லாம நான் இறக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான் அவர் அவளிடம் பேசிய பெரிய பேச்சு. பெண்டாட்டியை இளம் வயதில் பறிகொடுத்த மனுஷர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு.

பொன்மணிக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வந்த மாப்பிள்ளைகள் வந்த வழியே போனார்கள். அதற்கப்புறம் அண்ணன் காசிராஜனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுடைய சம்பளம் வீட்டுக்கு வருவது பழகிப்போயிற்று. ஓசூருக்குச் சங்கையா போய்விட்டால், நாளைக்கு “ம்” என்று யாரிடம் சொல்வது? அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஒத்தப் பொம்பள அம்புட்டு தூரம் எதுக்கு? கணக்க முடிச்சு வாங்கிரு தாயி. மாடியில ஒரு ரூம் போட்ருவோம்” என்றான் அண்ணன்.

கடைசி நாள், கடிதத்தோடு வந்த விருப்பப் படிவத்தில் ‘வரவில்லை’ என்ற இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்து, தங்கையின் கையெழுத்தையும் தானே போட்டு அவனே ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டான். நேசகுமார் வாங்கவில்லை.

“இது அவங்க பேருக்கு வந்த கடிதம். கட்டமும் கையெழுத்தும் அவங்கதான் போடணும்.”

மிஷினடியிலிருந்து பொன்மணியைக் கூப்பிட்டார்கள். அவள் வேறு படிவம் கேட்டாள். “சார், அங்க போனா பன்னெண்டு வருசமும் சேந்தேதான இருக்கும்?”

“சேர்ந்தேதான். பின்னாடி எப்ப வெலகினாலும், இங்கன சேர்ந்த தேதியிலருந்துதான் கிராஜுவிட்டி.”

அவள் ‘வருகிறேன்’ என்ற முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“ரூமு ஒங்க துட்டுல போடுங்கண்ணே” என்றாள் மெதுவாக. கோபமே இல்லை. இத்தனை நாள் இந்த மெதுவான குரலை எங்கே வைத்திருந்தாளோ.

சீல் வைத்த நகலோடு அவள் திரும்பியபோது, மிஷின் நின்றிருந்தது. சங்கையா தன் படிவத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

“ஓசூருக்குத்தான் போட்ருக்கேன்” என்றார். “கூட வர்ற குடும்பத்தார்னு ஒரு எடம் இருக்கு. அதுல... ஒம் பேர எழுதலாமான்னு...”

“எழுதாதீக.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த தைரியம் ஒரு நொடியில் காலி. பொன்மணிக்குப் பொறுக்கவில்லை. தன் நகலை மிஷின் மேஜையில் அவர் முன்னால் வைத்தாள்.

“நான் ஒங்க சீட்டுல வரல. எனக்குத் தனிச்சீட்டு இருக்கு.”

அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு அதன் ஓரத்தைத் தட்டி நேராக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து ஒங்கண்ணங்கிட்ட பேசட்டுமா?”

பொன்மணி கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“ம்” என்றாள்.