ஓடிப்போன தொப்புள் வலி

மலேசியாவில் ஸ்கூடாய் கோயில் கமிட்டிக்குப் பதினோரு வருடமாக ஹேமநாதன்தான் தலைவர். நாற்காலி மேல் அவருக்கு அத்தனை ஆசை. அன்று மாலை நான்கு மணிக்குப் பொதுக்கூட்டம், அதிலேயே தேர்தல். நேரில் வராதவர் போட்டியிட முடியாது என்று விதி போட்டவரும் அவரே.

விடியற்காலையில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலித்தது. செயலாளர் லெட்சுமணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"குடல் ஏறிடுச்சு தலைவரே. பத்து நிமிசம், எடுத்துடறேன்."

வயிற்றைத் தடவித் தடவி ஒரு வழி பண்ணிவிட்டுப் போனார். மதியத்துக்குள் தொப்புளில் வலி இல்லை! ஹேமநாதன் உடனே கமிட்டியின் வாட்சப் குழுவில் பேசி அனுப்பினார்: "நம்ம லெட்சுமணன் கை ராசியான கைலா. தொப்புள் வலி ஓடிப்போச்சு!"

வலதுபக்க அடிவயிற்றில் பிடித்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அது காற்று என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

மனைவி கஸ்தூரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைக் கண்டால் விடாத மனிதர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை, ஒருமுறை வாந்தி வேறு. இப்போது குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு, ஏறுங்க," என்று காரில் ஏற்றி, கிளினிக்குக்குத் திருப்பினாள். வழியில் ஒவ்வொரு மேட்டிலும் கார் குலுங்கக் குலுங்க, அவர் "அலமாக்!" என்று அலறினார்.

டாக்டர் லோஷினி வலதுபக்கம் மெல்ல அழுத்திக் கையை எடுத்தாள். எடுத்தபோதுதான் அவர் துள்ளினார்.

"முதல்ல எங்க வலிச்சது, அங்கிள்?"

"தொப்புள்ல. அது சரியாயிடுச்சு."

"சரியாகல, இடம் மாறியிருக்கு. குடல்வால் வீங்க ஆரம்பிக்கறப்ப அதோட நரம்பு நடுவயித்துலதான் வலிக்குதுன்னு காட்டும். வீக்கம் வயித்தோட உள்சுவர் சவ்வைத் தொட்டதும், எங்க இருக்கோ அங்கயே குத்தும். பசியில்ல, வாந்தி, காய்ச்சலும் லேசா இருக்கு. குடல்வால் அழற்சியா இருக்கும்னு சந்தேகப்படறேன். ரத்தமும் ஸ்கேனும் பாத்துதான் உறுதியாச் சொல்ல முடியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எதுவும் சாப்பிடாதீங்க, குடிக்காதீங்க, யாரும் வயித்தைத் தடவக் கூடாது."

"நாலு மணிக்கு ஒரு கூட்டம், அது முடிஞ்சதும்..."

"நடுவுல வெடிச்சா வயிறு முழுக்கச் சீழ் பரவும். உயிருக்கே ஆபத்து அங்கிள்."

ஹேமநாதன் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் கண்கள் கலங்கியிருந்தன. முதன்முறையாக அவருக்கு நாற்காலி மறந்து பயம் வந்தது.

ஸ்கேன் சந்தேகத்தை உறுதி செய்ய, அன்றிரவே குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். வெடிக்கும் முன் வந்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னபோது கஸ்தூரி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் தலைவர்?"

"லெட்சுமணன். போட்டியே இல்லையாம்."

"அவனுக்கு என்ன தகுதி இருக்கு?"

கஸ்தூரி கைப்பேசியை நீட்டினாள். கூட்டத்தில் எல்லாருக்கும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய அவருடைய குரலே அதில் கணீரென்று ஒலித்தது: "நம்ம லெட்சுமணன் கை ராசியான கைலா..."

திட்ட வாயைத் திறந்தார். தையல் சுரீரென்று இழுத்தது. மூடிக்கொண்டார்.