பக்கவாட்டில் அக்கா

மாடிவீட்டு டீச்சர் மூக்கை மாற்றப் போகிறாளாம். துணைக்கு நான் போகாமல் இருப்பேனா? போன வருடம் இறந்த அவளுடைய அக்காவும் அவளும் ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடியில் தினமும் அக்கா நிற்கிறாள் என்று, பஸ் நேரம் சொல்வதுபோல் டாக்டரிடம் சொன்னாள்.

"நாசி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, நுனிக் குருத்தெலும்பைத் தையல் போட்டுக் குறுக்கினா, முன்னாடி பார்க்க மூக்கு ஒடுங்கும்" என்றார் டாக்டர். "தண்டுல இருக்கிற மேடு அப்படியேதான் இருக்கும். அது போகணும்னா எலும்பையும் செதுக்குற முழு ஆபரேஷன் பண்ணணும்."

"பக்கவாட்டுல?" என்றாள் டீச்சர்.

"சின்ன ஆபரேஷன்ல பெருசா மாறாது."

"வந்தது வந்தாச்சு, முழுசாவே பண்ணிக்கோயேன்" என்று நான் இலவச யோசனை சொன்னேன்.

"வேணாம்க்கா. ஞாபகம் மங்கிப்போன அம்மா, படுத்த இடத்துலேர்ந்து என்னைப் பக்கவாட்டுலதான் பார்க்குறாங்க. அவங்களுக்கு எங்க அக்கா இருக்கட்டும். கண்ணாடியில நான் இருந்தா போதும்."

சின்னதே செய்தார்கள். தையல் பிரித்த அன்று எட்டிப்பார்க்கப் போனேன். மரத்துப்போன மூக்கு நுனியைத் தடவிக்கொண்டு, அம்மாவின் கட்டிலோரம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவளே" என்று அம்மா கூப்பிட்டாள்.

"சொல்லும்மா" என்றாள் டீச்சர், முகத்தைத் திருப்பாமலே.